கீர்த்தனா கல்யாணத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பற வாய்ஸ் மெசேஜ்

அண்ணா, அண்ணி... நல்லா இருக்கீங்களா? நான் விஜயா பேசறேன், சத்துவாச்சாரில இருந்து. இந்த மெசேஜ் உங்களுக்கு மட்டும் இல்ல, நியூ ஜெர்சில இருக்கற நம்ம சுகந்தி, லண்டன்ல இருக்கற தம்பி ரவி, எல்லாருக்கும் சேர்த்துதான் பேசறேன். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டா உங்களுக்கு ராத்திரி எனக்கு பகலு, யாரும் ஒரே நேரத்துல சிக்க மாட்டேங்கறீங்க, அதான் கீர்த்தனா இதுல பேசிடும்மா அவங்க பொறுமையா கேட்டுக்கட்டும்னு சொல்லி போனை கையில குடுத்துட்டு போயிட்டா.

விஷயம் இன்னான்னு தெரிஞ்சிருக்கும். நம்ம கீர்த்தனாவுக்கு கல்யாணம். ஆடி முடிஞ்சு ஆவணி மாசம் வச்சிருக்கோம். குலதெய்வத்துக்கு மொதல் பத்திரிகை வச்சு கும்பிட்டுட்டு வந்து, அடுத்ததா உங்களத்தான் கூப்பிடறேன். எதிர்ல நின்னு தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு குடுக்கணும், முடியல. அப்படியே குடுத்ததா நெனச்சுக்கங்க.

மாப்பிள்ள பேரு பிரவீன். ஆரணிக்காரங்க, வீட்டுலயே தறி இருக்கு, அவங்க அப்பா தாத்தா எல்லாம் பட்டு நெய்யறவங்கதான். பையன் சென்னைல வேலை பாக்கறாரு. முகூர்த்தப் புடவைய கடையில எடுக்கல அண்ணி, அவங்க தறியிலயே நெய்யறாங்க, போன வாரம் போய் பாத்துட்டு வந்தேன். அரக்கு கலரு, பச்ச பார்டரு, முந்தியில கை அகலத்துக்கு ஜரிகை. பாதிதான் ஆயிருக்கு. சம்பந்தியம்மா என் கைய புடிச்சு அந்த பாவு மேல வச்சு, தொட்டு பாருங்க சம்பந்தி, உங்க பொண்ணுக்குத்தான்னு சொன்னாங்க. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு.

சரி, இப்ப தேதி சொல்றேன், மெதுவா சொல்றேன், பேப்பர் பேனா எடுத்துக்கங்க.

ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, சாயந்தரம் 6:30 மணிக்கு மேல ரிசப்ஷன். மறுநாள், ஆகஸ்ட் 23, ஞாயித்துக்கிழமை, காலைல 7:30 ல இருந்து 9 மணிக்குள்ள முகூர்த்தம். வருஷம் 2026, இந்த வருஷம்தான்.

எடம் காட்பாடி, காந்தி நகர், ஸ்ரீ பாலாஜி மஹால். ரெண்டு நாளும் ஒரே மண்டபம்தான், அலைய வேணாம். மேப்பு லொக்கேஷன கீர்த்தனா தனியா அனுப்புவா.

இன்னொரு தடவ சொல்லிடறேன், ரவி பாதியில விட்டுட்டு அப்புறம் எங்கிட்டயே கேப்பான். 22 சனிக்கிழமை சாயந்தரம் ரிசப்ஷன், 23 ஞாயித்துக்கிழமை காலைல தாலி கட்டறது, காட்பாடி காந்தி நகர், ஸ்ரீ பாலாஜி மஹால்.

ஆனா அண்ணா, நீங்க சனிக்கிழமை சாயந்தரம் விருந்தாளி மாதிரி வந்து எறங்கினா ஒத்துக்க மாட்டேன். 20 ஆம் தேதி வியாழக்கிழமை காலைல வீட்டுல பந்தக்கால் நடறோம், 21 வெள்ளிக்கிழமை நலங்கு. தாய்மாமன் வீட்டு சீரு வராம நலங்கு வைக்க முடியுமா சொல்லுங்க? காசு அனுப்பறேன் நீயே வாங்கிக்கன்னு அன்னைக்கு சொன்னீங்க, அதெல்லாம் வேணாம், ஒரு தட்டுல மஞ்ச குங்குமம் பூ இருந்தா போதும், ஆனா அந்த தட்ட நீங்களும் அண்ணியும் கையில தூக்கிட்டு வாசல்ல வந்து நிக்கணும். கீர்த்தனா வாய தொறந்து கேக்க மாட்டா, எனக்குத் தெரியும், மாமா வருவாருல்லன்னு அவங்க பாட்டிகிட்ட மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கா. அதனால 19 ஆம் தேதிக்கே வந்துடற மாதிரி டிக்கெட் போடுங்க.

சுகந்தி, சித்தி சொல்றத கேளு, உங்க ஊர்ல ஸ்கூலு செப்டம்பர்லதான தொறப்பாங்க, அதனால பசங்க படிப்ப சாக்கு சொல்லாத. ரவி, உங்களுக்கும் அப்ப சம்மர் லீவுதான், நானும் விசாரிச்சிட்டுதான் பேசறேன்.

வழி சொல்லிடறேன். சென்னைல எறங்கினா ஏர்போர்ட்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா வழியா கார்ல சுமாரா மூணு மணி நேரம், ட்ராபிக் இருந்தா கூடவே ஆகும். பெங்களூர்ல எறங்கறவங்க கோலாரு, சித்தூர் வழியா வந்தா நேரா காட்பாடி, அது ஒரு நாலு மணி நேரம். எதுல வந்தாலும் நம்ம ஆளுங்க காரோட வந்து நிப்பாங்க, நீங்க டாக்சிக்காரன்கிட்ட பேரம் பேசிக்கிட்டு நிக்க வேணாம். சென்ட்ரல்ல இருந்து ட்ரெயின்ல வர்றவங்க டிக்கெட் போடறப்ப காட்பாடின்னு பாத்து போடுங்க, KPD ன்னு இருக்கும். வேலூர்னு தேடி வேலூர் கண்டோன்மென்ட்ட போட்டுடாதீங்க, அது விழுப்புரம் லைனு. ஸ்டேஷன்ல இருந்து மண்டபம் ஆட்டோல பத்து நிமிஷம்.

தங்கற எடத்த பத்தி கவலையே வேணாம். சிஎம்சிக்கு எங்கெங்கயோ இருந்து ஜனங்க வர்றதால கடைசி நேரத்துல வேலூர்ல ரூம் கெடைக்கறது கஷ்டம், அதனால காட்பாடிலயே லாட்ஜ்ல ரூம் சொல்லி வச்சிட்டாரு உங்க மாப்பிள்ள. எத்தன பேரு, எந்த தேதி, எந்த ப்ளைட்டு, இத மட்டும் ஜூலை 15 க்குள்ள சொல்லிடுங்க. வயசானவங்க கூட வந்தா அதையும் சொல்லுங்க, கீழ் ரூமா வாங்கணும்.

சாப்பாடு கல்யாணத்துல சைவம்தான். ரவி மூஞ்சி இப்பவே சுருங்கும். திங்கக்கிழமை, 24 ஆம் தேதி மத்தியானம், நம்ம வீட்டு மொட்ட மாடியில கறி விருந்து, ஆம்பூர்ல இருந்து ஆளுங்க வந்து சீரக சம்பா அரிசில மட்டன் பிரியாணி போடறாங்க, கூட கத்திரிக்கா தொக்கு, வெங்காயப் பச்சடி. அது முடியாம யாரும் ஊருக்கு கெளம்பக் கூடாது. தாம்பூலப் பையில ஆற்காட்டு மக்கன் பேடா போடலாம்னு இவரு சொல்றாரு, ஜீரா ஒழுகி பத்திரிகையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும்னு நான் சொல்றேன், அந்த சண்ட இன்னும் முடியல.

ஒருவேள லீவு கெடைக்காம, நெசமாவே வர முடியலன்னா, மனசு கஷ்டம்தான், இருந்தாலும் முகூர்த்தத்த லைவ்ல போடறோம், லிங்க் அனுப்பறோம். நம்ம ஊர் காலைல 7:30 ன்னா சிங்கப்பூர்ல 10 மணி, லண்டன்ல ராத்திரி 3 மணி, சுகந்திக்கு சனிக்கிழமை ராத்திரி 10 மணி. ஆனா லைவ் இருக்குல்லன்னு இப்பவே முடிவு பண்ணிடாதீங்க, நான் சும்மா சொல்லி வைக்கறேன் அவ்வளவுதான்.

எல்லாரும் குடும்பத்தோட வந்து பொண்ணு மாப்பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணணும். இருங்க, அம்மா பேசணுமாம்... இந்தாம்மா, இதுல பேசு, கிட்ட வச்சு பேசு.

குமரேசா... நல்லா கீறியாடா? சாப்ட்டியா? வந்துடு கண்ணு, அந்த பொண்ணையும் பசங்களையும் இட்டுக்கினு வந்துடு. வரும்போது கோடாலி தைலம் ரெண்டு பாட்டில் வாங்கியா, பெரிய பாட்டிலா. போன வாட்டி வாங்கியாந்தது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரி தேய்க்கறேன்னு வாங்கினு போய்ட்டா.