வியாழக்கிழமைப் பரிசோதனைக்கு முன் உங்களுக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நீங்கள் தலைசுற்றலுக்காக வந்தபோது, புறப்படும் நேரத்தில் வாசலில் நின்று, “பரிசோதனை செய்யும்போதே நான் விழுந்துவிட்டால் என்ன செய்வது?” என்று கேட்டீர்கள். அதற்கு அங்கேயே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியது போதாது என்று எனக்குப் பட்டது. வியாழக்கிழமை என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றும் எதற்காக என்பதை நீங்கள் நிதானமாகப் படிக்கும்படி எழுதுகிறேன். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் மகனைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன விவரங்களில் இரண்டு வேறு தொந்தரவுகள் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. படுக்கையில் வலப்பக்கம் புரளும்போதும், அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போதும் அறையே சுழல்வதுபோல் இருந்து, ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுகிறது என்றீர்கள். இதைத்தான் வெர்டிகோ என்கிறோம். இரவில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் எதுவும் சுழலவில்லை என்றும் சொன்னீர்கள். இது வேறு வகை. பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. இரண்டுக்கும் காரணம் வேறு, மருத்துவமும் வேறு. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் போகிறோம்.

நாம் விழாமல் நிற்பதற்கு உட்செவி, கண்கள், பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள தொடு உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு காதிலும் உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அந்த நீர்மம் நகர்வதை வைத்துத்தான் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளை அறிகிறது. அந்தக் குழாய்களுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய பையில் கால்சியம் கார்பனேட்டால் ஆன மிக நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாக ஆக அவற்றில் சில கழன்று குழாய்க்குள் போய்விடுவது உண்டு. அப்போது நீங்கள் புரண்டு படுத்தால், நீரில் மணல் சரிவதுபோல் துகள்கள் சரிந்து நீர்மத்தையும் இழுக்கின்றன. தலை அசைவதை நிறுத்திய பிறகும் அது இன்னும் சுழல்வதாக மூளைக்குத் தவறான செய்தி போகிறது. துகள்கள் அடியில் தங்கியதும் சுழற்சி நின்றுவிடுகிறது. உங்களுக்கும் இதுவே இருக்கலாம் என்பது என் கணிப்பு. இது மூளையில் ஏற்பட்ட கோளாறு அல்ல, உயிருக்கு ஆபத்தானதும் அல்ல.

அதை உறுதி செய்யும் சோதனைக்கு டிக்ஸ்-ஹால்பைக் என்று பெயர். 1952ஆம் ஆண்டு முதல் மருத்துவ உலகில் வழக்கத்தில் இருப்பது. கட்டிலில் கால்களை நீட்டி உட்காரச் செய்து, உங்கள் தலையை 45 பாகை பக்கவாட்டில் திருப்பி, என் இரு கைகளாலும் தாங்கியபடியே உங்களைப் பின்னால் சாய்ப்பேன். தலை கட்டில் விளிம்பைத் தாண்டிச் சற்றே தாழ்வாக இருக்கும். சில நொடிகளில் உங்களுக்குச் சுழற்சி வரலாம். வரட்டும், அம்மா. அதை வரவழைப்பதுதான் இந்தச் சோதனையின் நோக்கம். அந்த நேரத்தில் கண்களை இறுக மூடிக்கொள்ளத் தோன்றும். தயவுசெய்து திறந்தே வைத்திருங்கள், ஏனென்றால் உங்கள் கண்மணிகள் தாமாகத் துடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான் எந்தக் காதில், எந்தக் குழாயில் துகள் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். நீங்கள் படுத்த நிலையில் இருப்பீர்கள், தலை என் கையில் இருக்கும், மறுபக்கம் உதவியாளர் ஒருவர் உங்கள் தோளைப் பிடித்திருப்பார். கழுத்து வலியோ முதுகு வலியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சாய்க்கும் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

துகள்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், அதே கட்டிலில் எப்லி முறையைச் செய்துவிடலாம். தலையையும் உடலையும் நான்கைந்து நிலைகளில் மெல்லத் திருப்பி, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிறுத்திவைத்து, துகள்களை வந்த வழியே பைக்குத் திரும்பச் செய்வதுதான் அது. பெரும்பாலோருக்கு ஓரிரு முறைகளிலேயே சுழற்சி நின்றுவிடுகிறது. சிலருக்குப் பிற்காலத்தில் திரும்ப வருவதும் உண்டு. வந்தால் அதே முறையை மறுபடி செய்துகொள்ளலாம். நீங்கள் மூன்று வாரமாக விழுங்கிவரும் தலைசுற்றல் மாத்திரை இந்தத் துகள்களை நகர்த்தாது.

காதுக்குள் நீர் விடும் சோதனையைப் பற்றி யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். முதல் சோதனையிலேயே காரணம் தெளிவாகிவிட்டால் அது தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டால், கேமரா பொருத்திய கண்ணாடியை அணிவித்து, 30 பாகை செல்சியஸ் குளிர்ந்த நீரையும் 44 பாகை வெதுவெதுப்பான நீரையும் இடைவெளி விட்டு ஒவ்வொரு காதிலும் சிறிது நேரம் செலுத்துவோம். உடல் வெப்பத்திலிருந்து 7 பாகை குறைவும் 7 பாகை கூடுதலும்தான், சுடாது. சுழற்சி வரும், இரண்டொரு நிமிடத்தில் அடங்கும். செவிப்பறையில் துளை இருந்தால் நீர் விடமாட்டோம்.

கண் இருட்டும் தொந்தரவுக்கு, உங்களைப் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற பிறகு மூன்று நிமிடத்திற்குள் மறுபடி பார்ப்போம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுவே காரணமாக இருக்கக்கூடும். அழுத்த மாத்திரைகளையும் தூக்க மாத்திரையையும் உங்கள் மருத்துவருடன் பேசி மாற்றியமைக்கலாம்.

நடையையும் பார்ப்பேன். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்கிறோம். வேகமாக நடந்து காட்ட முயல வேண்டாம், கைத்தடி இருந்தால் அதனுடனேயே நடக்கலாம்.

உங்கள் அச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அச்சத்தால் நீங்கள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், தரையையே பார்த்து நடக்கிறீர்கள். அறையைவிட்டு வருவதையும் குறைத்துவிட்டீர்கள். கால் தசைகள் இதனால் தளர்கின்றன, அசைவுகளுக்குப் பழக வேண்டிய மூளைக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. விழும் அபாயம் இப்படித்தான் கூடுகிறது. ஆகவே நடப்பதை நிறுத்தாதீர்கள். ஒருவர் துணையுடன் நடங்கள். இரவில் எழும்போது விளக்கைப் போட்டு, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு எழுந்திருங்கள்.

பேச்சுக் குழறல், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்தல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, நிற்கவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றுள் எது தலைசுற்றலோடு வந்தாலும், வியாழன்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தலைசுற்றல் மாத்திரையைச் செவ்வாய் காலையிலிருந்து நிறுத்திவிடுங்கள்; சோதனைக்கு முன் 48 மணி நேர இடைவெளி வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போல் எடுத்துக்கொள்ளுங்கள், தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வயிறு நிறைய உண்ணாமல் இலகுவாக ஏதேனும் உண்டு, வழுக்காத செருப்புடன், மகனோடு காலை 10 மணிக்கு வந்தால் போதும். நடுவில் எந்த நொடியிலும் நீங்கள் “போதும்” என்றால் நிறுத்திவிடுவேன்.

அன்புடன்,
சமநிலைப் பரிசோதனைப் பிரிவின் மருத்துவர்