யோவாபின் வயலில் தீ

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இன்று 2 சாமுவேல் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். அதிலே ஒரு வாற்கோதுமை வயல் எரிகிறது. வயல் தாவீது ராஜாவின் படைத்தலைவன் யோவாபுடையது, தீ வைக்கச் சொன்னவன் ராஜாவின் மகன் அப்சலோம்.

கொலை செய்துவிட்டு ஓடி, மூன்று வருஷம் கேசூரில் இருந்தவன் அவன். தாவீது அவனை எருசலேமுக்கு வரவிட்டார். ஆனால் "என் முகத்தை அவன் பார்க்கவேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டார். ஒரே ஊரில் 2 வருஷம், அப்பாவும் மகனும் முகம் பார்க்கவில்லை. அப்சலோம் இரண்டு தரம் ஆள் அனுப்பியும் யோவாப் வரவில்லை. அப்புறம்தான் வயல் எரிந்தது. எரிந்தவுடனே யோவாப் ஓடி வந்தார். அப்சலோம் கேட்டது ஒன்றுதான்: நான் ராஜாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிற யோவாப் நம் வீடுகளிலும் உண்டு. பெரும்பாலும் அது அம்மாதான். "உன் மகனை முடிவெட்டச் சொல்லு" என்று இந்த அறையிலிருந்து ஒரு குரல். "அவரை என் விஷயத்தில் தலையிட வேண்டாம்னு சொல்லும்மா" என்று அந்த அறையிலிருந்து இன்னொரு குரல். ராணிப்பேட்டை கம்பெனியில் நாளெல்லாம் நின்று தைத்துவிட்டு, பஸ்ஸில் இடிபட்டு வீட்டுக்கு வரும் தாய், இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கிறாள்.

என் வீட்டிலும் இது நடந்தது. மகள் பிளஸ் ஒன் சேரும்போது உயிரியல் பிரிவு வேண்டாம் என்றாள். வேலூரில் பிறந்துவிட்டு, ஆஸ்பத்திரி வேலையை விட்டால் வேறு என்ன என்று கத்தினேன். ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவே இல்லை. ஒன்பது நாள் அவளிடம் பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் இதே இடத்தில் நின்று ஜெபம் செய்தேன். நீதிமொழிகள் 18:13 என்னைக் குத்தியது: "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." பத்தாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேச ஆரம்பிக்கவே வெகுநேரம் ஆனது. கணக்குப் பதிவியலில் அவளுக்கு இருந்த ஆசையை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தாவீதின் வீட்டில் கடைசியில் என்ன ஆனது? ராஜா மகனை முத்தமிட்டார். ஆனால் அந்த 2 வருஷத்தைப் பற்றி இருவரும் பேசியதாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் அப்சலோம் காலமே எழுந்து பட்டணவாசலண்டை நிற்கிறான். வழக்கோடு வருகிற ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, ராஜாவிடத்தில் உன் காரியத்தைக் கேட்பார் இல்லை என்கிறான். அவனுக்குத் தெரிந்த வலி அது.

சரி, அப்படியானால் பிள்ளைகள் கேட்டதெல்லாம் கொடுத்துவிடலாமா? தாவீதின் இன்னொரு மகன் அதோனியாவைப் பாருங்கள். இரதங்கள், குதிரைவீரர், முன்னே ஓட 50 பேர். 1 இராஜாக்கள் 1:6 சொல்கிறது, அவனுடைய தகப்பன் "நீ இப்படிச் செய்வானேன்" என்று ஒருக்காலும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நம் பிள்ளைகளுக்கு இரதம் என்றால் பைக். 16 வயதுப் பையன் லைசென்ஸ் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், பின்னால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு கிரீன் சர்க்கிளைச் சுற்றுகிறான். சாவியைக் கொடுத்தது யார்? அழுதாலும், சாப்பிடாமல் படுத்தாலும், சாவி 18 வயதுக்கு முன் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் ஹாலில் இருக்கவேண்டும், அப்பாவின் போனும் சேர்த்து. இதைக் கத்தாமல் சொல்லலாம். காரணத்தையும் சொல்லுங்கள். நாளைக்கு மாற்றாதீர்கள்.

இப்போது லூக்கா 2. பன்னிரண்டு வயது மகனை மூன்று நாளுக்குப் பிறகு தேவாலயத்தில் கண்ட மரியாள் என்ன சொன்னாள்? "மகனே! ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" கவனித்தீர்களா, தாவீது ஒருக்காலும் கேட்காத கேள்வி! அதிலே கண்டிப்பும் இருக்கிறது, பதிலுக்கு இடமும் இருக்கிறது. விசாரத்தோடே தேடினோமே என்று தன் பயத்தையும் மறைக்காமல் சொல்கிறாள். பதில் வந்தது. அது அவர்களுக்குப் புரியவில்லை என்றே லூக்கா எழுதுகிறார். ஆனாலும் அவள் அதை அங்கேயே வாதாடவில்லை, இருதயத்தில் வைத்துக்கொண்டாள். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய்க் கீழ்ப்படிந்திருந்தார். புரியாததை வைத்துக்கொண்டு காத்திருப்பதும் பொறுமைதான், தாய்மாரே.

இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, டிவியை அணைத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். தகப்பன்மாரே, நீங்களே போங்கள், அம்மாவை அனுப்பாதீர்கள். முதல் நாள் அவன் ஒன்றும் பேசமாட்டான். நாளைக்கும் உட்காருங்கள்.

ஜெபிப்போம். ஆண்டவரே, ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் இருக்கிறவர்களை நீர் அறிவீர். இன்றைக்கு அந்த அறைக் கதவைத் தட்டப்போகிற தகப்பனுக்குத் தைரியம் தாரும். உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் தாரும். ஆமென்.