காப்புக்கட்டு மீம்ஸ்: டொராண்டோ பதிப்பு

ஒறம்பரை எல்லாத்துக்கும் வணக்கமுங்க. போன தடவை எல்லாமே வடிவேலு முகமாப் போச்சு. "நம்மூர்ல மூஞ்சியே இல்லையா கண்ணு"ன்னு அப்புச்சி கேட்டுப்போட்டாரு. அதனால இந்தத் தடவை ஹீரோ காங்கேயம் காளை.

[காளை, பனிக்குல்லாய் போட்டுக்கிட்டு]
ஊர்ல: வேப்பந்தழை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டி வாசல், தொழுவம், தோட்டம்னு சொருகறது.
இங்க: ஒரு கொத்து கறிவேப்பிலை. சாயங்காலம் அதையும் உருவி ரசத்துக்குத் தாளிச்சாச்சு.
(அம்மாயி இத மட்டும் படிக்காமத் தாண்டிப் போயிருங்.)

[காளை, கண்ணு பிதுங்க]
அரிசிம்பருப்புக்கு வரமொளகா கிள்ளி எண்ணெயில போட்டதும்,
புகை அலாரம்: "கீ கீ கீ!"
வூட்டுக்காரர் துண்டுல விசிற, மக ஜன்னலைத் தொறக்க, வெளிய மைனஸ் 18.
பக்கத்து வீட்டம்மா: "ஏதாவது தீயா?"
நான்: "இல்லீங், சோறுங். சாப்புட வாங்க."
இப்பெல்லாம் அலாரம் கேட்டாலே அந்தம்மா தட்டோட வந்துருது.

[காளை, மூட்டை ஏத்துன வண்டியோட]
பெட்டிக்கு 23 கிலோ. உள்ள கொள்ளு, நாட்டுச் சக்கரை, ஈரோட்டு மஞ்சத்தூள், ஊத்துக்குளி வெண்ணெ உருக்குன நெய்.
ஏர்போர்ட்டுல 25 காட்டுது.
வெளிய எடுத்தது: என்ற ஸ்வெட்டர்.
போற எடம்: பனிக்காடு.

[காளை, காதைப் பொத்திக்கிட்டு]
பையன் எதுத்த வீட்டு 70 வயசுப் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்புடறான். அவரும் சிரிச்சுக்கிட்டே கையாட்டறாரு. அப்பாரு இத வீடியோ கால்ல பாத்துட்டாரு.
அப்பாரு: "அந்தாளு அடிக்கலையா?"
நான்: "இங்க அதுதான் மருவாதியாமுங்."
அப்பாரு: "போனை ஆத்தாகிட்ட குடுக்கறேன்."
ஆத்தாளுக்கு கேமரால எப்பவும் பாதி நெத்தி, மீதி வூட்டு ஓடு.
ஆத்தா: "இளைச்சுப் போயிட்டியே சாமி."
அஞ்சு கிலோ ஏறுன நான்: "ஆமாங் ஆத்தா."

அடுத்ததுக்குக் காளை இல்லீங். எந்த மூஞ்சியும் பொருந்தல. மாரியாத்தா நோம்பிக்குக் கம்பத்தைச் சுத்தி ஆடறத அனுப்புனீங்கல்ல, அத மீட்டிங் நடுவுல சத்தமில்லாம வெச்சுப் பாத்தேன்.
மேனேஜர்: "கேமரா ஏன் ஆஃப்ல இருக்கு?"
நான்: "நெட்டு சரியில்லீங்."

இதையெல்லாம் போட்ட பத்தே நிமிசத்துல கோயமுத்தூர் மாமா திருப்பி அனுப்புன மீம்:

[எருமை, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு]
வெளிநாட்டு ஒறம்பரை, போன்ல: "சிறுவாணித் தண்ணி மாதிரி வருமாங் மாமா!"
அதே ஒறம்பரை, ஊருக்கு வந்த மொத நாளு: "மாமா, பாட்டில் தண்ணி இருக்குதுங்களா?"