மேக்ரோ பொருளாதாரத் தேர்வுக்கு இரண்டு வாரத் திட்டம்: நவம்பர் 9 இரவு முதல் 24 காலை வரை

தம்பி,

நீ அனுப்பிய ஆறு பழைய வினாத்தாள்களையும் பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தேர்வு 24 திங்கள் காலை 10 மணி. நடுவில் 19ஆம் தேதி புள்ளியியல் தாள் இருக்கிறது. ஆகவே 18, 19 இரண்டு நாளும் மேக்ரோ புத்தகத்தைத் தொடாதே. மிச்சமுள்ள 12 நாளில் தினமும் நான்கு மணி நேரம் போதும்: காலையில் இரண்டரை, இரவு சாப்பாட்டுக்கு முன் ஒன்றரை. ஹாஸ்டலில் இரவு எட்டரைக்கு மேல் எதுவும் படிக்க முடியாது என்று நீயே சொன்னாய், அதனால் ராத்திரிக் கணக்கு எதையும் நான் போடவில்லை.

யூனிட் 1, 2, 3 என்று வரிசையாகப் போகாதே. அப்படிப் போகிறவர்களுக்கு ஐந்தாவது யூனிட் கடைசி இரண்டு நாளில் மாட்டும். அதிகக் கடினமும் அதிக மதிப்பெண்ணும் அங்கேதான் இருக்கின்றன. எந்தத் தலைப்பு மற்றதற்கு அடித்தளமோ அது முதலில் வரும். பழைய வினாத்தாளும் கடைசி வாரம் வரை காத்திருக்காது, முதல் நாளிலிருந்தே தினமும் ஒரு கேள்வி எழுதப்போகிறாய்.

இன்று இரவு (9, ஞாயிறு), ஒரு மணி நேரம்

ஒரு தாளில் தலைப்புகளை இடப்பக்கம் எழுது. ஆறு வினாத்தாளையும் புரட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் தலைப்புக்கு நேரே அதன் மதிப்பெண்ணைப் போடு: 2, 5 அல்லது 10. நான் மேலோட்டமாகப் பார்த்தேன். பெருக்கி ஆறிலும் இருக்கிறது. நாட்டு வருமானக் கணக்கீட்டு முறைகள் ஐந்தில் இருக்கின்றன. ஐ.எஸ்.-எல்.எம். நான்கில் பத்து மதிப்பெண் கேள்வியாக வந்திருக்கிறது. சரிபார்த்துக்கொள். முதல் இரண்டு தாள்கள் பழைய பாடத்திட்டம்போலத் தெரிகிறது, இப்போது உன் பாடத்திலேயே இல்லாத கேள்விகள் அதில் உண்டு. அவற்றை அடித்துவிட்டு மற்றதை மட்டும் எண்ணு.

அந்தக் கணக்கு முடிந்ததும் மூன்று கட்டாகப் பிரி. முதல் கட்டு: வருமான நிர்ணயமும் பெருக்கியும், நாட்டு வருமானம், நீர்மை விருப்பம், ஐ.எஸ்.-எல்.எம். இரண்டாவது: பணவீக்கம், பிலிப்ஸ் வளைகோடு, பணக் கொள்கை, நிதிக் கொள்கை. மூன்றாவது: தொன்மைக் கோட்பாடு, பண அளவுக் கோட்பாடு, முடுக்கி, வணிகச் சுழல். மூன்றாவது கட்டில் பத்து மதிப்பெண் கேள்விக்குத் தயாராக வேண்டாம். இரண்டு, ஐந்து மதிப்பெண்ணுக்குத் தெரிந்தால் போதும். 'வந்துவிட்டால்?' என்று கேட்பாய். பகுதி இ-யில் ஐந்தில் மூன்றைத்தானே எழுதப்போகிறாய். இரண்டை விட இடம் இருக்கிறது, அந்த இடத்தைத் திட்டமிட்டே பயன்படுத்து.

10, 11 (திங்கள், செவ்வாய்): நுகர்வுச் சார்பு, வருமான நிர்ணயம், பெருக்கி

உன் இன்டர்னல் விடைத்தாளில் கோட்பாடு சரியாக இருந்தது, படமும் கணக்கும்தான் கவிழ்த்துவிட்டன. அதனால் இந்த இரண்டு நாளும் பேனா கையில்தான் இருக்க வேண்டும். 45 பாகைக் கோட்டுப் படத்தைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஐந்து தடவை வரை. அச்சுகளுக்குப் பெயர் எழுதாத படத்துக்குப் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்காது.

கணக்கு இப்படித்தான் வரும்:

C = 100 + 0.8Y, I = 150
Y = 100 + 0.8Y + 150
0.2Y = 250, Y = 1250

இப்போது முதலீடு 20 கூடினால்? பெருக்கி K = 1/(1 − 0.8) = 5. வருமானம் 100 கூடி 1350 ஆகும். சமன்பாட்டில் I = 170 என்று போட்டும் அதே 1350 வருகிறதா என்று பார். வந்தால் பெருக்கி உனக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் வரிப் பெருக்கி, −0.8/0.2 = −4. அரசுச் செலவையும் வரியையும் ஒரே அளவு கூட்டினால் 5 − 4 = 1, அதுதான் சமநிலை வரவுசெலவுப் பெருக்கி. இரண்டு மதிப்பெண்ணில் அடிக்கடி தலைகாட்டுவது இது. சிக்கன முரண்பாட்டையும் இதே படத்தில் முடித்துவிடு.

செவ்வாய் இரவு: பழைய தாளிலிருந்து பெருக்கி பற்றிய பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றை 25 நிமிடத்தில் எழுது. பெருக்கியின் கசிவுகளை (சேமிப்பு, இறக்குமதி, பழைய கடனை அடைப்பது, விலையேற்றம்) விட்டுவிடாதே, மதிப்பெண் அங்கேதான் கரைகிறது.

12 (புதன்): நாட்டு வருமானம்

ஒரு நாள் போதும். உற்பத்தி, வருமானம், செலவு ஆகிய மூன்று முறைகள், இரட்டைக் கணக்கீடு, கூட்டு மதிப்பு, இந்தியாவில் கணக்கிடுவதில் உள்ள சிக்கல்கள். 1867-68க்குத் தாதாபாய் நவ்ரோஜி தலைக்கு 20 ரூபாய் என்று மதிப்பிட்டது ஒரு வரியில் போகட்டும். நேரத்தைக் கணக்குக்குக் கொடு. சந்தை விலையில் ஜி.டி.பி. 5000, வெளிநாட்டிலிருந்து வரும் நிகரக் காரணி வருமானம் −50, தேய்மானம் 400, நிகர மறைமுக வரி 450 என்றால், காரணிச் செலவில் நிகர நாட்டு உற்பத்தி 5000 − 50 − 400 − 450 = 4100. 'மொத்தம்' நிகரமாகத் தேய்மானம், 'உள்நாடு' நாடாக வெளிநாட்டுக் காரணி வருமானம், 'சந்தை விலை' காரணிச் செலவாக நிகர மறைமுக வரி. இந்த மூன்று மாற்றங்களையும் எந்தத் திசையிலும் செய்யத் தெரிய வேண்டும்.

13 (வியாழன்): பணத் தேவை, நீர்மை விருப்பம்

கெயின்ஸின் மூன்று நோக்கங்கள்: பரிவர்த்தனை, முன்னெச்சரிக்கை, ஊக வணிகம். வட்டி விகிதம் ஏறினால் கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்பதை ஒரு எண் உதாரணத்தோடு எழுதிப் பார். ஆண்டுக்கு 50 ரூபாய் நிரந்தரமாகத் தரும் பத்திரம், வட்டி 5 சதவீதம் என்றால் 1000 ரூபாய், 10 சதவீதம் என்றால் 500. இது பிடிபட்டால் நீர்மைப் பொறி தானாகப் புரியும், நாளைய பாடத்துக்கும் இதுதான் சாவி.

14, 15 (வெள்ளி, சனி): ஐ.எஸ்.-எல்.எம்.

ஹிக்ஸ் 1937இல் கொடுத்த சட்டகம். புதிதாக எதுவும் இல்லை என்று முதலில் நம்பு: ஐ.எஸ். என்பது திங்கள்கிழமை படித்த வருமான நிர்ணயத்தோடு வட்டி சேர்ந்தது, எல்.எம். என்பது வியாழக்கிழமை படித்ததோடு வருமானம் சேர்ந்தது. வெள்ளியன்று இரண்டு கோடுகளையும் தனித்தனியாக வருவித்துப் பழகு. சனியன்று இந்தக் கணக்கு:

I = 150 − 10i, C = 100 + 0.8Y
ஐ.எஸ்.: Y = 1250 − 50i
பண அளிப்பு 200, பணத் தேவை 0.25Y − 12.5i
எல்.எம்.: Y = 800 + 50i
1250 − 50i = 800 + 50i, i = 4.5, Y = 1025

விடையை மறுபடி போட்டுச் சரிபார்: C = 920, I = 105, கூட்டினால் 1025. அதற்குப் பிறகு நான்கு படங்கள்: அரசுச் செலவு கூடினால், பண அளிப்பு கூடினால், எல்.எம். படுக்கையாக இருந்தால், செங்குத்தாக இருந்தால். படுக்கையில் நிதிக் கொள்கைக்கு முழு பலம், செங்குத்தில் அரசுச் செலவு தனியார் முதலீட்டை வெளியே தள்ளிவிடும். இந்த நான்கையும் விளக்க வந்தால் இந்த யூனிட்டில் எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டாம்.

மழை விடுமுறை விட்டால் அதைப் போனஸ் நாளாக நினைக்காதே. நேரம் கூடுதலாகக் கிடைத்தால் ஐ.எஸ்.-எல்.எம்.முக்கே கொடு.

16 (ஞாயிறு): முதல் முழுத் தாள்

புதிய பாடத்திட்டத்தில் மிகப் பழைய தாளை எடு. கடைசி ஏப்ரல் தாளை 22ஆம் தேதிக்கு வைத்துக்கொள், அதை அதற்கு முன் படிக்கக்கூடச் செய்யாதே. (இன்று இரவு எண்ணும்போது கண்ணில் படும், பரவாயில்லை.) காலை 10 முதல் 1 வரை, போனை அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டு எழுது. இன்னும் படிக்காத தலைப்புகளும் வரும். தெரிந்ததை எழுதிவிட்டு நகர்ந்துவிடு.

நேரம்: பகுதி அ பத்துக் கேள்விக்கு 30 நிமிடம், பகுதி ஆ ஐந்துக்கு 55, பகுதி இ மூன்றுக்கு 75. மீதி 20 நிமிடம் கேள்வி வாசிக்கவும் படங்களின் பெயர்களைச் சரிபார்க்கவும்.

மாலையில் நீயே திருத்து, கையில் சிவப்புப் பேனா. இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுது: தெரியவில்லை, தெரிந்தும் நேரம் இல்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன். மூன்றுக்கும் மருந்து வேறு. 17ஆம் தேதி காலை இரண்டு மணி நேரம் இதைச் சரிசெய்ய மட்டும். அன்று மதியத்திலிருந்து புள்ளியியல்.

20 (வியாழன்): இரண்டாவது கட்டு

பணவீக்கம்: தேவை இழுப்பு, செலவுத் தள்ளல், விளைவுகள், கட்டுப்படுத்தும் வழிகள். பிலிப்ஸ் 1958இல் பிரிட்டனின் 1861–1957 தரவுகளில் கண்டது கூலி மாற்றத்துக்கும் வேலையின்மைக்கும் உள்ள உறவைத்தான். விலைவாசிக்கு மாற்றியது பின்னால் வந்தவர்கள். ஃப்ரீட்மன், ஃபெல்ப்ஸ் விமர்சனமும் 1970களின் தேக்கவீக்கமும் சேர்த்து எழுதினால் விடை மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும். பணக் கொள்கையில் ரெப்போ, ரொக்க இருப்பு விகிதம், சட்டப்படியான நீர்மை விகிதம், வெளிச்சந்தை நடவடிக்கை. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம், 2 சதவீதம் கூடலாம் குறையலாம். முடிவெடுப்பது ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு. அதன் சுருக்கமும் MPC, இறுதிநிலை நுகர்வு விருப்பின் சுருக்கமும் MPC. விடைத்தாளில் ஒருமுறையாவது முழுப்பெயர் எழுதிவிடு.

21 (வெள்ளி): மூன்றாவது கட்டு

வேகமாகக் கடந்துபோ. சேயின் சந்தை விதி, கூலி நெகிழ்ச்சி, கெயின்ஸின் 1936 விமர்சனம், விளைவுத் தேவை. ஃபிஷரின் MV = PT, கேம்பிரிட்ஜின் M = kPY, வித்தியாசம் மூன்று வரி. மூலதனத்தின் இறுதிநிலை ஆக்கத்திறன், முடுக்கி, வணிகச் சுழலின் நான்கு கட்டங்கள். அன்று இரவு இருபது இரண்டு மதிப்பெண் கேள்விகளை எழுதாமல் வாயால் சொல்லிப் பார், அறைத்தோழன் கேட்கட்டும்.

22 (சனி): இரண்டாவது முழுத் தாள்

கடைசி ஏப்ரல் தாள், அதே மூன்று மணி நேரம். 16ஆம் தேதி தாளோடு ஒப்பிட்டு, அதே காரணம் மறுபடி வந்த இடங்களை மட்டும் மாலையில் பார்.

23 (ஞாயிறு)

படங்கள் மட்டும்: 45 பாகை, நீர்மை விருப்பம், ஐ.எஸ்.-எல்.எம்., பிலிப்ஸ். ஒவ்வொன்றும் பார்க்காமல் ஒரு தடவை. மேலே போட்ட கணக்குகளையும் எண்ணை மாற்றிப் போடு. மாலை ஆறுக்குப் பிறகு புத்தகத்தை மூடு. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, அளவுகோல், இரண்டு பேனா, பென்சில், சாதாரண கால்குலேட்டர் ஆகியவற்றைப் பையில் போட்டுவிடு.

24 காலை

வாசலில் நின்று 'இது வருமாம்' என்று பேசுகிறவர்களிடம் நிற்காதே. உள்ளே போனதும் முதலில் பகுதி இ-யைப் படித்து மூன்றைக் குறித்துவிடு, ஆனால் எழுத ஆரம்பிப்பது பகுதி அ-விலிருந்து. கணக்குக் கேள்வி இருந்தால் பகுதி ஆ-வில் அதை முதலில் முடி. விடை சரியென்றால் முழு மதிப்பெண், திருத்துகிறவர் மனநிலைக்கு அங்கே வேலை இல்லை. முடிந்ததும் போன் பண்ணு.

— அக்கா