கண்மாய்க்குக் கொடுக்கும் காசு எங்கே போகும்: படங்களுக்கான வரிகள்

படம் 1: கண்மாயின் உள்வாய்
இது காடு இல்லைங்க, கண்மாய். இளையான்குடி பக்கம் எங்கள் ஊரில் 85 ஏக்கர் வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீர் நிற்கும் இடம், இப்போது ஆள் நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்குள் சரிசெய்ய 4,80,000 ரூபாய் தேவை. எந்த ரூபாய் எதற்கு என்று அடுத்தடுத்த படங்களில் எழுதியிருக்கிறோம், படித்துப் பாருங்கள், அப்புறம் கொடுங்கள்.

படம் 2: ஹிட்டாச்சி
பெரிய செலவு இதுதான். மணிக்கு 1,600 ரூபாய், டீசலும் டிரைவர் பேட்டாவும் அதற்குள் அடக்கம், 120 மணி நேரம், ஆக 1,92,000. அரிவாளால் வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வெட்டின இடத்திலேயே நாலு கிளையாகத் துளிர்க்கிற மரம் இது, தூரோடு பறித்தால்தான் உண்டு. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலையும் அதே வண்டிதான் வாரும், அது அடைபட்டுக் கிடந்தால் கண்மாய் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோஜனமில்லை. நீங்கள் 500 ரூபாய் போட்டால் வண்டி சுமார் 19 நிமிடம் ஓடும். தினமும் காலையும் மாலையும் மணி மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குவோம், அந்தப் பக்கத்தை அன்றைக்கு ராத்திரியே ஸ்டோரியில் போடுவோம்.

பறித்த மரம் எங்களுக்கு இல்லை. ஊராட்சி ஏலம் விடும், கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுப்பார்கள், பணம் ஊராட்சிக் கணக்குக்குப் போகும். வண்டல் மண்ணும் அப்படித்தான்: அனுமதி வாங்கிய விவசாயிகள் வயலுக்கு அள்ளிக்கொள்வார்கள், ஒரு டிராக்டர் லோடுகூட நாங்கள் விற்க மாட்டோம்.

படம் 3: மடை
பெரிதாக்கிப் பாருங்கள். ஷட்டர் துருப்பிடித்து அடியில் ஓட்டை, திருகுகிற கம்பி வளைந்து போச்சு. அந்த ஓட்டையில் வைக்கோல் பிரியையும் பழைய யூரியா சாக்கையும் திணித்துத்தான் போன வருஷம் தண்ணீரை நிறுத்தினார்கள், அப்படியும் ராவும் பகலும் கசிந்துகொண்டே இருந்தது. இரண்டு மடைக்கும் புது ஷட்டர், கான்கிரீட், கொத்தனார், சித்தாள் கூலி எல்லாம் சேர்த்து 1,35,000.

படம் 4: கரையும் கலுங்கும்
கரையைப் பலப்படுத்த 63,000, கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கின் சுவர் வெடிப்பைப் பூச 42,000. கரையில் ஊன்ற பனை விதை ஊரிலேயே கிடைக்கிறது, காசு வேண்டாம்.

படம் 5: நீர்பாய்ச்சி
மாதம் 3,000 வீதம் ஒரு வருஷத்துக்கு 36,000. மடையைத் திறந்து மூடுவதும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பதும் இவர் வேலை. ஆள் இல்லாத மடையை அவரவர் இஷ்டத்துக்குத் திறப்பார்கள், கடைமடைக்காரர் பாடு திண்டாட்டம். இரண்டாம் வருஷத்திலிருந்து, கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களான ஆயக்கட்டின் விவசாயிகளே ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுப்பதாக ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாகிவிட்டது.

படம் 6: எங்கள் செலவு
12,000. ஆடிட்டர், ஆன்லைன் பணப்பரிமாற்றக் கட்டணம், போர்டு, அவ்வளவுதான். எங்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. டீ, பெட்ரோல் எல்லாம் சொந்தக் காசு.

படம் 7: "அரசாங்கம் செய்யாதா?"
நிறைய பேர் கேட்ட கேள்வி. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு என்பதால் இது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். வேலை செய்ய எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்துவிட்டார்கள், இந்த வருஷம் நிதி மட்டும் இல்லை. அனுமதிக் கடிதத்தைத்தான் படத்தில் போட்டிருக்கிறோம்.

படம் 8: கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு
ப்ரொஃபைலில் இருக்கும் லிங்க் ஒன்றுதான் வழி. அது அமைப்பின் பெயரில் இந்த வேலைக்கென்றே திறந்த வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது தனிப்பட்ட ஜிபே நம்பர் அனுப்பினால், அது எங்களில் ஒருவர் நம்பராகவே இருந்தாலும், போடாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடைக்காது, புது வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய சொந்தங்களே, மன்னிக்கணும், வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களிடம் இல்லை, உங்கள் பணத்தைச் சட்டப்படி வாங்க முடியாது. இந்தப் பதிவை நாலு பேருக்கு அனுப்பினால் அதுவே பெரிய உதவி.

படம் 9: கூடினால், குறைந்தால்
பணம் குறைந்தால் முதலில் மடை, அடுத்து வரத்துக்கால், மிச்சத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு மரம். கூடினால் 4,80,000 வந்த அன்றே லிங்க்கை மூடிவிடுவோம், அதையும் மீறி வந்தது நீர்பாய்ச்சியின் இரண்டாம் வருஷக் கூலிக்கு, மிச்சத்தைத்தான் விவசாயிகள் போடுவார்கள். ஞாயிறுதோறும் வங்கிக் கணக்கு வரவு செலவும் பில்களும் ஹைலைட்டில் ஏறும். ஏதாவது ஒரு பில் உதைக்கிற மாதிரி தெரிந்தால் கமெண்டிலேயே கேளுங்கள், பதிலையும் அங்கேயே போடுகிறோம்.