விலைப்புள்ளி நினைவூட்டல் கடிதம்: மெய்ப்புத் திருத்தம்

அன்புள்ள கவிதா,

வணக்கம். அலமாரிக்காரருக்கு அனுப்ப நீங்கள் எழுதிய நினைவூட்டல் கடிதத்தைப் படித்துவிட்டேன். 3-ஆம் தேதி அனுப்பிய முதல் கடிதத்தின் நகலையும், பள்ளிக் குழுக் கூட்டத்தின் சுற்றறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். இன்று அனுப்பிவிடலாம். ஆனால் இப்படியே அனுப்ப வேண்டாம். எங்கே என்ன மாற்றினேன் என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக உங்கள் வரைவை அப்படியே முதலில் தருகிறேன்.

பொருள்: விலைப்புள்ளி அனுப்பாதது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி நூலகத்திற்கு 14 இரும்பு புத்தக அலமாரிகள் வாங்குவது சம்மந்தமாக கடந்த 3ம் தேதி தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி இருந்தோம். நீங்கள் இரண்டு நாட்களில் விலைப்புள்ளி அனுப்புவதாக தொலைபேசியில் கூறினீர்கள். ஆனால் இன்று வரை தாங்கள் அதை அனுப்பவில்லை. மேலும் பல முறை தொடர்பு கொள்ள முயற்சித்தும் உங்களிடம் இருந்து எந்த பதிலும் இல்லை. இது எங்களுக்கு மிகுந்த சிரமத்தை ஏற்படுத்தி உள்ளது.

ஒவ்வொரு அலமாரிகளும் 6.5 அடி உயரம், 3 அடி அகலம், 15 செ.மீ. ஆழம், 5 தட்டுகள், 22 கேஜ் தகடு. மற்ற இரு நிறுவனங்களின் விலைப்புள்ளிகள் ஏற்கனவே வந்துள்ளது. வரும் 26-06-2026 சனிக்கிழமை பள்ளிக் குழு கூட்டம் நடைபெற இருப்பதால், தயவு செய்து தங்களின் மேலான விலைப்புள்ளியை கூடிய விரைவில் அனுப்பி வைக்குமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் கேட்டு கொள்கிறோம். தயவு செய்து ஜி.எஸ்.டி. விவரத்தையும் குறிப்பிடவும்.

தங்கள் சாதகமான பதிலுக்கு காத்திருக்கிறோம்.

எழுத்துப் பிழைகளைப் பிறகு பார்ப்போம். முதலில் எண்கள். முதல் கடிதத்தில் நாம் கேட்டது 12 அலமாரிகள். இதில் 14 என்று இருக்கிறது. ஆழம் அங்கே 15 அங்குலம். இங்கே 15 செ.மீ. பதினைந்து செ.மீ. என்றால் ஆறு அங்குலம்கூட இல்லை. அகராதி ஒன்றை வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தகடு அங்கே 20 கேஜ், இங்கே 22. இதுதான் மூன்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தவுடன் தவறாகத் தெரியாது. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 22 கேஜுக்கு அவர் விலை போட்டால் மற்ற இருவர் 20 கேஜுக்குப் போட்டதைவிடக் குறைவாகத்தான் வரும். குழு அதைப் பார்த்து மலிவு என்று தேர்ந்தெடுத்துவிடும். இரண்டு வருடத்தில் தட்டுகள் நடுவில் தொய்ந்துவிடும். அவரைக் கேட்டால் நம் கடிதத்தையே எடுத்துக் காட்டுவார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும்.

பதில் எழுதாமல் இருக்கும் ஒருவருக்கு இரண்டாவது கடிதத்தில் வேறு அளவுகள் போனால், எது சரி என்று கேட்க வேண்டிய வேலையும் அவருக்குச் சேர்ந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பதில் அவர் பேசாமல் இருந்துவிடலாம்.

தேதியும் இடிக்கிறது. 2026 ஜூன் 26 வெள்ளிக்கிழமை. சுற்றறிக்கையில் கூட்டம் 27 சனிக்கிழமை என்றுதான் இருக்கிறது. தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதும் உங்கள் பழக்கம் மிக நல்லது; அதனால்தான் பிழை உடனே கண்ணில் பட்டது.

அடுத்து, கடிதத்தின் தொனி. பணிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் பணிவு முழுவதும் கடைசிப் பத்தியில் குவிந்திருக்கிறது. முதல் பத்தி குற்றப்பத்திரிகையாக இருக்கிறது. 'தாங்கள் அதை அனுப்பவில்லை' என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் அனுப்பி, மின்னஞ்சல் எங்காவது சிக்கியிருக்கலாம். நமக்குத் தெரிந்ததெல்லாம் அது நமக்கு வந்து சேரவில்லை என்பது மட்டும். அதையே எழுதினால் உண்மையும் மாறாது, அவருக்கும் முகம் சுருங்காது. தலைப்பில் உள்ள 'அனுப்பாதது குறித்து' என்பதும் இதே காரணத்தால் போகிறது. கடிதத்தைத் திறப்பதற்கு முன்பே அவர் படிக்கப்போவது அந்த வரியைத்தான்.

'பல முறை தொடர்பு கொள்ள முயற்சித்தும்' என்ற வரியை எடுத்துவிட்டேன். அலுவலகத் தொலைபேசிப் பதிவேட்டில் 15-ஆம் தேதி ஒரே ஓர் அழைப்புதான் இருக்கிறது. ஒன்றைப் பல என்று எழுதக் கூடாது. 'மிகுந்த சிரமம்' என்பதும் வேண்டாம். கூட்டத்திற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, நமக்கு இதுவரை எந்தச் சிரமமும் வரவில்லை. ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் மாதம். பெஞ்சு, மேசை, அலமாரி செய்பவர்களுக்கு வேலை நெருக்கும் நேரம். அதை நாமே ஒரு வரியில் சொல்லிவிட்டால், தாமதத்துக்குக் காரணம் தேடி வெட்கப்படாமல் அவர் பதில் எழுதலாம்.

மற்ற இரு விலைப்புள்ளிகள் வந்துவிட்டதைச் சொல்வது பற்றிச் சற்று யோசித்தேன். நீக்கிவிட்டேன். அந்த இருவரிடமும் நாம் யார் யார் விலை கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. இவரிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. அவசரத்தைக் காட்டக் கூட்டத் தேதியே போதும்.

'கூடிய விரைவில்' என்பதற்கு ஆளுக்கொரு பொருள். 24-06-2026 புதன்கிழமை மாலைக்குள் என்று எழுதியிருக்கிறேன். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க உங்களுக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாள் கிடைக்கும். 'தயவு செய்து' இரண்டு முறையும், அதன் மேல் 'மிகவும் தாழ்மையுடன்' என்றும் வருகின்றன. நாம் வாங்குபவர்கள், அவர் விற்பவர். இரு பக்கமும் மரியாதை வேண்டும், ஆனால் தாழ்மை தேவையில்லை. ஒரு 'தயவுசெய்து' போதும், அதையும் சேர்த்தே எழுதுங்கள். 'மேலான' என்ற அடை ஆலோசனைக்கும் கருத்துக்கும் பொருந்தும், விலைப்புள்ளிக்குப் பொருந்தாது. 'சாதகமான பதில்' என்று கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஆகும்; நாம் கேட்பது விலை மட்டுமே.

ஜி.எஸ்.டி. விவரம் கேட்டது சரி. அதோடு கும்பகோணம் வரை லாரி வாடகை, இங்கே வந்து பூட்டித்தரும் கூலி ஆகியவை விலையில் அடங்குமா என்பதையும் கேட்க வேண்டும். முதல் கடிதத்தில் இவை விட்டுப்போயிருந்தன. மற்ற இருவரும் தாங்களாகவே தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்கள். இவர் மொத்தமாக ஒரு தொகை எழுதினால் மூன்றையும் ஒப்பிடவே முடியாது.

இனி எழுத்துப் பிழைகள். ஒற்றுகள்தான் அதிகம் விட்டுப்போயிருக்கின்றன. 'ஐ' உருபுக்கும் 'கு' உருபுக்கும் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: விலைப்புள்ளியைக் கூடிய, பதிலுக்குக் காத்திருக்கிறோம். 'எந்த'வுக்குப் பின்னும் 'ஆக'வுக்குப் பின்னும் அப்படியே: எந்தப் பதிலும், அனுப்புவதாகத் தொலைபேசியில். கேட்டுக்கொள்கிறோம், இரும்புப் புத்தக அலமாரிகள், பள்ளிக் குழுக் கூட்டம் ஆகியவற்றையும் திருத்தியிருக்கிறேன். 'சம்மந்தம்' அல்ல, சம்பந்தம். 'தொடர்பாக' என்று எழுதினால் இன்னும் நேராக இருக்கும். '3ம்' என்பதை 3-ஆம் என்று எழுதுங்கள். முயற்சி பெயர்ச்சொல், அதிலிருந்து 'முயற்சித்து' வராது; முயன்று என்பதே சரி. ஏற்கனவே என்பது ஏற்கெனவே. 'ஒவ்வொரு' என்று தொடங்கினால் அலமாரி ஒருமையில்தான் நிற்கும். 'விலைப்புள்ளிகள் வந்துள்ளது' என்பதில் எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. வந்துள்ளன என்று வர வேண்டும். நாட்களா, நாள்களா என்ற வழக்குக்கு நான் போகவில்லை, இரண்டும் அச்சில் இருக்கின்றன.

நீங்கள், தாங்கள் இரண்டும் மாறி மாறி வருகின்றன. உள்ளூர்க் கடைக்காரர் என்றால் 'நீங்கள்' என்றே எழுதச் சொல்லியிருப்பேன். இவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், நேரில் பழக்கமில்லை, அதனால் கடிதம் முழுவதும் 'தாங்கள்' என்றே வைத்திருக்கிறேன்.

திருத்திய கடிதம் இது:

18-06-2026
கும்பகோணம்

பெறுநர்: விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: பள்ளி நூலகத்திற்கு 12 இரும்புப் புத்தக அலமாரிகள் – விலைப்புள்ளி கோரி நினைவூட்டல்

பார்வை: எங்கள் 03-06-2026 மின்னஞ்சல், 05-06-2026 தொலைபேசி உரையாடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி நூலகத்திற்குப் புத்தக அலமாரிகள் வாங்குவது தொடர்பாக 3-ஆம் தேதி தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம். 5-ஆம் தேதி தொலைபேசியில் பேசியபோது, விலைப்புள்ளி அனுப்புவதாகத் தாங்கள் தெரிவித்தீர்கள். அது எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பள்ளிகள் திறந்திருக்கும் இந்த நேரத்தில் தங்களுக்கு வேலை மிகுதியாக இருக்கும் என்பதை அறிவோம். ஒருவேளை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக மீண்டும் ஒருமுறை அனுப்பினால் போதும்.

தங்கள் வசதிக்காக விவரங்களை மறுபடியும் தருகிறோம். தேவை 12 அலமாரிகள். ஒவ்வோர் அலமாரியும் 6.5 அடி உயரம், 3 அடி அகலம், 15 அங்குல ஆழம், 5 தட்டுகள், 20 கேஜ் தகடு, சாம்பல் நிறப் பவுடர் கோட்டிங்.

ஓர் அலமாரியின் விலை, ஜி.எஸ்.டி., கும்பகோணம் வரையிலான வண்டி வாடகை, பள்ளியில் பூட்டித்தரும் கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டுகிறோம். விலை எத்தனை நாள் செல்லும், ஆர்டர் கொடுத்தபின் எத்தனை நாளில் அலமாரிகள் வந்து சேரும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

27-06-2026 சனிக்கிழமை நடைபெறும் பள்ளிக் குழுக் கூட்டத்தில் இது குறித்து முடிவெடுக்கிறோம். எனவே தயவுசெய்து 24-06-2026 புதன்கிழமை மாலைக்குள் விலைப்புள்ளியை அனுப்பிவையுங்கள். இம்முறை விலை தர இயலாவிட்டால், அதை ஒரு வரியில் தெரிவித்தாலும் போதும்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
கவிதா
நூலகர்

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். விருப்பமில்லாதவர்கள் 'இல்லை' என்று சொல்லக் கூச்சப்பட்டே பல நேரம் பேசாமல் இருக்கிறார்கள். இவர் இல்லை என்று சொல்லிவிட்டால் வேறொருவரிடம் மூன்றாவது விலை கேட்க நமக்கு நாள் இருக்கும்.

பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் கடிதத்தாளின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கின்றன, அதனால் கையொப்பத்தின் கீழ் மறுபடி வேண்டாம். புதிய மின்னஞ்சலாக அனுப்பாமல், 3-ஆம் தேதி அனுப்பிய அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக அனுப்புங்கள். பழைய கடிதமும் அவர் கண் முன்னே இருக்கும். தலைமையாசிரியருக்கு நகல் போடுங்கள். திங்கட்கிழமை காலை வரை பதில் இல்லையென்றால் ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, கடிதம் கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள், அழைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தமிழாசிரியர்