பி.சி.ஆரும் ஜெல் மின்னாற்பிரிப்பும்: உயிரித் தொழில்நுட்பத் தேர்வுக்கான திருப்புதல் குறிப்பு

இந்த இரண்டையும் தனித்தனிப் பாடமாக மனப்பாடம் செய்யாதீர்கள். பாலிமரேஸ் சங்கிலி வினை, அதாவது பி.சி.ஆர், குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு டி.என்.ஏ பகுதியைப் பெருக்குகிறது. ஜெல் மின்னாற்பிரிப்பு அந்த நீளத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இரண்டையும் இணைப்பது நீளம்தான். ஐந்து மதிப்பெண் வினாக்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

பி.சி.ஆர் முறையை 1983இல் உருவாக்கியவர் கேரி முல்லிஸ். 1993இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். வினைக்குழாயில் இருக்க வேண்டியவை: வார்ப்புரு டி.என்.ஏ, இரண்டு பிரைமர்கள், நான்கு வகை டிஆக்ஸி நியூக்ளியோடைடுகள், டாக் பாலிமரேஸ், மெக்னீசியம் அயனி, பஃபர். பலர் விட்டுவிடுவது மெக்னீசியத்தை. அது இல்லாமல் நொதி வேலை செய்யாது.

வெப்பநிலைகளைக் காரணத்தோடு எழுதுங்கள். 94 டிகிரி செல்சியஸில் இரு இழைகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டும் அறுகின்றன. இழைக்குள் உள்ள ஃபாஸ்போடைஎஸ்டர் பிணைப்புகள் அப்படியே இருக்கும். இது இயல்பு திரிதல். அடுத்து 50 முதல் 65 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது பிரைமர்கள் தங்களுக்கு இணையான வரிசையில் ஒட்டுகின்றன. வெப்பம் மிகக் குறைந்தால் பொருந்தாத இடங்களிலும் ஒட்டும். மிகக் கூடினால் எங்கும் ஒட்டாது. பின்பு 72 டிகிரியில் டாக் பாலிமரேஸ் பிரைமரின் 3′ முனையில் நியூக்ளியோடைடுகளைச் சேர்த்து இழையை நீட்டுகிறது.

டாக் நொதி ஏன் தேவை? தொடக்கத்தில் பயன்பட்ட ஈ.கோலை பாக்டீரியாவின் பாலிமரேஸ் ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் சிதைந்தது. ஒவ்வொரு சுழற்சிக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டறியப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டைத் தாங்குகிறது. குழாயைத் திறக்காமலேயே சுழற்சிகளைத் தொடர முடிவது இதனால்தான்.

இனி, நான் மிகவும் விரும்பும் பகுதி. முதல் சுழற்சியில் உருவாகும் புதிய இழை பிரைமரில் தொடங்குகிறது. ஆனால் எங்கே முடிய வேண்டும் என்பதற்கு எல்லை இல்லாததால் இலக்கைத் தாண்டி நீள்கிறது. இரண்டாம் சுழற்சியில் அந்த இழையே வார்ப்புரு ஆகிறது. அதன் ஒரு முனை ஏற்கெனவே பிரைமரில் முடிந்திருப்பதால், நகலும் அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் சுழற்சி முடிந்ததும் இருக்கும் எட்டு இரட்டை இழைகளில் இரண்டு மட்டுமே மிகச் சரியான நீளமுள்ளவை. அதன்பின் அவை வேகமாகப் பெருகி மற்றவற்றை மூழ்கடிக்கின்றன. ஒரே மூலக்கூறில் தொடங்கினால் n சுழற்சிக்குப் பின் 2ⁿ நகல்கள். 30 சுழற்சிக்கு ஏறத்தாழ 107 கோடி. இது கோட்பாட்டு அளவு. நடைமுறையில் பிரைமரும் நியூக்ளியோடைடும் குறைந்து, நொதியும் தளர்வதால் பெருக்கம் தேங்கிவிடும்.

ஜெல்லுக்கு வருவோம். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரோஸை பஃபரில் உருக்கி ஊற்றினால், ஆறியபின் நுண்துளைகள் நிறைந்த கூழ்மமாகிறது. ஃபாஸ்பேட் தொகுதிகளால் டி.என்.ஏவுக்கு எதிர்மின்சுமை உண்டு. எனவே அது நேர்மின்வாயை நோக்கி நகரும். மாதிரிக் குழிகள் எதிர்மின்வாய்ப் பக்கம் இருக்க வேண்டும். படம் வரையும்போது இதை மாற்றிவிட்டால் விடை முழுவதும் தவறாகத் தெரியும்.

பெரிய துண்டுக்கு மின்சுமை அதிகம்தானே, அது ஏன் முந்துவதில்லை? நீளம் கூடும்போது மின்சுமையும் நிறையும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. ஆகவே பிரிப்பது மின்சுமை அல்ல, கூழ்மத்தின் வலைதான். நெரிசலான சந்தையில் சிறுவன் புகுந்து ஓட, மூட்டை சுமப்பவர் பின்தங்குவது போல, சிறிய துண்டு முந்திவிடுகிறது. துண்டு சிறியதானால் அகரோஸ் சதவீதத்தைக் கூட்ட வேண்டும்.

மாதிரியோடு கலக்கும் புரோமோஃபீனால் நீலம் ஓட்டத்தைக் காட்டுமே தவிர டி.என்.ஏவைக் காட்டாது. டி.என்.ஏவைக் காட்டுவது எத்திடியம் புரோமைடு. கார இணைகளுக்கு இடையே செருகிக்கொண்டு புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மரபுப் பிறழ்வு உண்டாக்கக் கூடியது என்பதால் கையுறை கட்டாயம்.

மாதிரி வினா: 500 கார இணை இலக்குக்குப் பி.சி.ஆர் செய்தபின், ஜெல்லின் முதல் தடத்தில் அளவுத் துண்டுகள். இரண்டாம் தடத்தில் 500இல் தடித்த பட்டையும் 100க்குக் கீழே மங்கிய பட்டையும். வார்ப்புரு சேர்க்காத மூன்றாம் தடத்தில் மங்கிய பட்டை மட்டும். விளக்குக.

விடை: 500இல் உள்ளது இலக்கு, இரு பிரைமர்களின் 5′ முனைகளுக்கு இடைப்பட்ட நீளம் அது. மங்கிய பட்டை, பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான பிரைமர் இருபடி. வார்ப்புரு இல்லாத தடத்திலும் அது தோன்றுவது இதற்குச் சான்று. மூன்றாம் தடத்தில் 500இல் பட்டை தோன்றியிருந்தால் வினைக்கலவையில் அயல் டி.என்.ஏ கலந்துவிட்டது என்றும், இரண்டாம் தடத்தின் முடிவை ஏற்க முடியாது என்றும் எழுத வேண்டும்.